மூளை அனியூரிசம்: ஆஞ்சியோ படத்தில் அளவும் கழுத்தும் சொல்வது என்ன?

தலைவலிக்கோ தலைச்சுற்றலுக்கோ எடுத்த எம்.ஆர்.ஐ.யில், தேடாத ஒன்று கண்ணில் படுகிறது. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘அனியூரிசம், ஆஞ்சியோ செய்து பார்க்கவும்’ என்று இருக்கும். மூளைத் தமனியின் சுவரில் ஒரு புடைப்பு இருக்கிறது என்று பொருள். ஆஞ்சியோ என்றதும் நம் வீடுகளில் எல்லோரும் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பார்கள். இது மூளைக்குச் செய்யும் ஆஞ்சியோ. அது முடிந்து வரும் ரிப்போர்ட்டில் ஒரு அனியூரிசத்துக்கு நான்கைந்து எண்கள் இருக்கும். உயரம், அகலம், புடைப்பின் வாயான கழுத்தின் அகலம், புடைப்பு முளைத்த தாய்க்குழாயின் விட்டம் என்று போகும். குடும்பத்தார் அநேகமாக முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். “எத்தனை மில்லிமீட்டர் டாக்டர்? பெருசா, சின்னதா?”

நியாயமான கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி. முடிவெடுக்கும்போது மருத்துவர்கள் இரண்டு ஆபத்துகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார்கள். சும்மா விட்டால் வெடிக்கும் ஆபத்து ஒன்று. கை வைத்தால் வரும் ஆபத்து இன்னொன்று. அளவு பெரும்பாலும் முதலாவதைப் பற்றிப் பேசுகிறது. கழுத்து பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறது. இந்த வேறுபாடு பிடிபட்டால், ஒரே அளவு அனியூரிசம் உள்ள இருவரில் ஒருவரை ‘அடுத்த வாரம் அட்மிட் ஆகுங்கள்’ என்றும் இன்னொருவரை ‘ஒரு வருஷம் கழித்து வாருங்கள்’ என்றும் ஏன் சொல்கிறார்கள் என்பது புரியும்.

புடைப்பு எங்கே, எப்படி

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக ஓடுகின்றன. அவை கிளை பிரியும் முனைகளில் ரத்தம் நேராகச் சுவரில் மோதுகிறது. மூளைத் தமனிகளின் சுவர் உடலின் மற்ற தமனிகளை விட மெல்லியது. மோதும் இடத்தில் சுவர் நாளடைவில் நைந்து வெளியே பிதுங்கினால் அதுதான் அனியூரிசம். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இது இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வேறு காரணத்தால்தான் இறக்கிறார்கள்.

வெடித்தால் கதை வேறு. மூளையைச் சுற்றியுள்ள நீர்ப்பகுதியில் ரத்தம் பாயும். அப்படி வெடித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துவிடுகிறார்; பிழைப்பவர்களிலும் பலருக்கு நிரந்தரப் பாதிப்பு தங்கிவிடுகிறது. வெடிப்பது அரிது, வெடித்தால் கொடுமை. முடிவெடுப்பது கடினமாவதற்குக் காரணம் இதுதான்.

பிதுங்கிய பகுதியைப் பை என்றும், பை தாய்க்குழாயிலிருந்து கிளம்பும் வாயைக் கழுத்து என்றும் சொல்கிறோம். இனி வரும் எல்லாமே இந்த இரண்டையும் பற்றியதுதான்.

படம் எப்படி எடுக்கப்படுகிறது

மூளைத் தமனிகளை எக்ஸ்ரேயில் தெரியவைக்கும் முறையை 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற போர்ச்சுக்கீசிய மருத்துவர் முதலில் செய்து காட்டினார். இன்று கேத் லேபில் நடப்பதும் அடிப்படையில் அதுவே. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கழுத்தில் ஏறும் கரோட்டிட் தமனிகளுக்கும் முதுகெலும்புத் தமனிகளுக்கும் கொண்டுபோய், அயோடின் கலந்த சாயத்தைச் செலுத்துகிறார்கள். சாயம் செலுத்தும் முன் எடுத்த படத்தைச் சாயம் செலுத்தியபின் எடுத்த படத்திலிருந்து கணினி கழித்துவிடும். எலும்பு மறைந்து ரத்தக்குழாய் மட்டும் மிஞ்சும். ‘டி.எஸ்.ஏ.’ என்று ரிப்போர்ட்டில் இருப்பது இந்தக் கழித்தல் முறைதான்.

அதோடு சி வடிவக் கருவி தலையைச் சுற்றி ஒரு சில விநாடிகளில் சுழன்று பல கோணங்களில் படம் எடுக்கும். அவற்றிலிருந்து முப்பரிமாண உருவம் கிடைக்கிறது. அதைத் திரையில் திருப்பித் திருப்பி, கழுத்தை எந்தக் கிளையும் மறைக்காத ஒரு கோணத்தைத் தேடுவோம். கழுத்து அளவை அந்தக் கோணத்தில்தான் எடுக்க வேண்டும். பின்னால் சிகிச்சை செய்தால் அதே கோணத்தில்தான் வேலையும் நடக்கும். ஒரே ஒரு தட்டைப் படத்தை வைத்து ‘கழுத்து அகலம்’ என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பைக்குப் பின்னால் ஒரு கிளை நெளிந்து போனாலே குறுகிய கழுத்தும் அந்தப் படத்தில் அகலமாகத் தெரியும்.

முப்பரிமாணப் படமும் முழு உத்தரவாதம் இல்லை. எந்த அடர்த்திக்கு மேல் இருப்பதைக் குழாய் என்று காட்டுவது என்று ஒரு வரம்பு வைக்க வேண்டும். அந்த வரம்பைக் கொஞ்சம் தாழ்த்தினால் எல்லாமே தடிக்கும், கழுத்தும் அகலமாகும். அதனால் முப்பரிமாணத்தில் கோணத்தைக் கண்டுபிடித்து, அதே கோணத்தில் தட்டைப் படமும் எடுத்து, இரண்டிலும் அளந்து ஒப்பிடுவது நல்ல பழக்கம்.

படத்தைப் பார்த்து ஏமாறக்கூடிய இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. கரோட்டிட் தமனியிலிருந்து பின் இணைப்புத் தமனி கிளம்பும் இடம் சிலருக்கு இயல்பாகவே புனல் போல விரிந்திருக்கும். மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கும் இந்த விரிவை அனியூரிசம் என்று எழுதி அனுப்பிவிடுவதும் உண்டு. புனலின் நுனியிலிருந்தே கிளைக்குழாய் கிளம்பினால் அது அனியூரிசம் இல்லை. கிளை ஒரு பக்கமும் பை தனியாக இன்னொரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால் அது அனியூரிசம். இரண்டாவது ஏமாற்றம் இதற்கு நேர் எதிரானது. ஆஞ்சியோ ரத்தம் ஓடும் உள்வெளியை மட்டுமே காட்டும். பெரிய பைகளில் பாதி ரத்தம் உறைந்து அடைத்திருந்தால், 20 மி.மீ. பை ஆஞ்சியோவில் 9 மி.மீ. போலத் தெரியலாம். சுவரின் வெளி எல்லை தெரிய எம்.ஆர்.ஐ. வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அளவைப் பற்றிப் பேசக் கூடாது.

அளவு சொல்லும் செய்தி

அளவு என்று ரிப்போர்ட்டில் சொல்வது பையின் மிக நீளமான அளவை. பல மருத்துவர்கள் ‘7 மில்லிமீட்டர்’ என்று ஒரு கோடு போட்டுப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கோடு பெரிய அளவில் பரவியது 2003இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வுக்குப் பிறகு. அதுவரை வெடித்த அனுபவமே இல்லாதவர்களிடம், மூளையின் முன்பக்கத் தமனிகளில் 7 மி.மீ.க்குக் குறைவான பைகள் ஐந்து ஆண்டுகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. 7 முதல் 12 மி.மீ. வரை இருந்தவற்றில் 2.6 சதவீதம் வெடித்தன. 13 முதல் 24 வரை 14.5 சதவீதம். 25க்கு மேல் 40 சதவீதம். அதே ஆய்வில் பின்பக்கத் தமனிகளிலும் பின் இணைப்புத் தமனியிலும் இருந்தவை ஒவ்வொரு அளவிலும் இன்னும் ஆபத்தாக இருந்தன. அங்கே 7 மி.மீ.க்குக் குறைந்தவையும் 2.5 சதவீதம் வெடித்தன.

இந்த எண்களைப் பார்த்து ‘7க்குக் கீழே என்றால் பயமில்லை’ என்று எடுத்துக்கொள்வது அவசரம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ரத்தக்கசிவோடு வருபவர்களை ஆஞ்சியோ செய்து பார்த்தால், வெடித்த பைகளில் கணிசமானவை 7 மி.மீ.க்குக் குறைவாகவே இருக்கும். அப்படியானால் அந்த ஆய்வு பொய்யா? இல்லை. சிறிய அனியூரிசங்கள் எண்ணிக்கையில் மிக மிக அதிகம். ஒவ்வொன்றும் வெடிக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தாலும், கூட்டம் பெரிது என்பதால் வெடித்தவர்களின் பட்டியலில் அவைதான் நிறைய இடம் பிடிக்கும். நமக்கு வேண்டியதோ வெடிக்காத ஒரு சிறிய பையோடு எதிரே உட்கார்ந்திருப்பவரின் ஆபத்து. அந்த இரண்டு கேள்விகளும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொண்டு 3 மி.மீ. பைக்குக்கூட உடனே சிகிச்சை வேண்டும் என்று வற்புறுத்தும் குடும்பங்கள் உண்டு. அப்படி வற்புறுத்தும் மருத்துவர்களும் இல்லாமல் இல்லை.

அளவு தனியாகப் பேசாது. இடத்தோடு சேர்ந்துதான் பேசும். கரோட்டிட் தமனி மூளையின் உறைக்கு வெளியே, கேவர்னஸ் பகுதியில் ஓடும்போது அங்கே உள்ள பை வெடித்தாலும் மூளையைச் சுற்றி ரத்தம் பாய்வது அரிது. அங்கே அதே 7 மி.மீ. அவ்வளவு அச்சுறுத்தாது. முன் இணைப்புத் தமனி, பின் இணைப்புத் தமனி, பின்பக்கம் ஓடும் பேசிலார் தமனியின் நுனி ஆகிய இடங்களில் சிறிய பையைக்கூட மதிக்க வேண்டும்.

வழவழப்பான பைக்கும், மேலே இன்னொரு குட்டிப் புடைப்பு முளைத்த பைக்கும் வித்தியாசம் உண்டு. ஜப்பானில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஆய்வில், இப்படிக் குட்டிப்பை உள்ளவை மற்றவற்றைப் போல 1.6 மடங்கு அதிகமாக வெடித்தன. சுவர் அந்த இடத்தில் கூடுதலாக நைந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ரிப்போர்ட்டில் ‘டாட்டர் சாக்’ என்றோ ‘பிளெப்’ என்றோ இருந்தால் அதை அளவுக்குச் சமமாக மதித்துக் கேளுங்கள்.

கழுத்து சொல்லும் செய்தி

கழுத்து 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது பையின் அகலத்தைக் கழுத்தின் அகலத்தால் வகுத்தால் 2க்குக் குறைவாக வந்தால், அதை அகன்ற கழுத்து என்கிறோம். சிலர் 1.5 என்ற வரம்பை வைக்கிறார்கள். வரம்பு எதுவானாலும் கேள்வி ஒன்றே: உள்ளே எதையாவது வைத்தால் அது உள்ளேயே நிற்குமா?

ஏனென்றால் இன்று அதிகம் செய்யப்படும் சிகிச்சை பையை உள்ளிருந்து நிரப்புவதுதான். இத்தாலியரான குய்டோ குக்லியெல்மி, கலிஃபோர்னியாவில் வேலை செய்தபோது உருவாக்கிய பிரியும் காயில் 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்டது. மிக மெல்லிய பிளாட்டினக் கம்பியை நுண்குழாய் வழியாகப் பைக்குள் தள்ளுவார்கள். அது உள்ளே சுருண்டுகொள்ளும். சரியாக உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்தபின் சிறு மின்னோட்டம் கொடுத்து அதைத் தள்ளுகம்பியிலிருந்து பிரிப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் பிரிக்கும் முன் உருவி எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் பெரிய சௌகரியம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல காயில்கள் வைத்த பிறகும் உலோகம் பிடிக்கும் இடம் பையின் கொள்ளளவில் கால் பங்கு அளவுதான். மீதி இடத்தில் ரத்தம் தேங்கி உறைந்து பையை மூடுகிறது.

இங்கேதான் கழுத்து வருகிறது. குறுகிய கழுத்துள்ள பை சொம்பு மாதிரி. உள்ளே போட்டது வெளியே வராது. அகன்ற கழுத்துள்ளது தட்டையான கிண்ணம். நிரப்பினால் தாய்க்குழாய்க்குள் சரியும். சரிந்த காயிலின் மேல் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குள் போனால் பக்கவாதம் வரும். சரியாமல் நின்றாலும் அகன்ற வாய் வழியாக ரத்தம் தொடர்ந்து மோதி, காயில் சுருட்டை மாதக்கணக்கில் உள்ளே அமுக்கிவிடும். கழுத்துப் பகுதி மறுபடி திறந்துகொள்ளும்.

அகன்ற கழுத்துக்கும் வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது, அவ்வளவுதான். காயில் வைக்கும் நேரத்தில் மட்டும் கழுத்துக்குக் குறுக்கே ஒரு பலூனை விரித்துப் பிடிக்கலாம். அது தாங்காது என்றால் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அதன் வலைக்கு அப்பால் காயிலை அடைக்கலாம். ஃப்ளோ டைவர்ட்டர் என்ற நெருக்கமான பின்னல் குழாயைத் தாய்க்குழாயில் விரித்தால், பைக்குள் போகும் ரத்த ஓட்டம் மந்தமாகி சில மாதங்களில் பை தானாக உறைந்து அடைபடும். கடைசி இரண்டிலும் ஒரு நிபந்தனை உண்டு. தமனிக்குள் உலோகம் நிரந்தரமாக இருப்பதால் ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்தக்கட்டித் தடுப்பு மருந்தையும் மாதக்கணக்கில் சேர்த்துச் சாப்பிட வேண்டும். வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிபவர், வேறு அறுவைக்குக் காத்திருப்பவர், மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர் ஆகியோருக்கு இது சிக்கல். கிளை பிரியும் முனையில் இருக்கும் அகன்ற பைகளுக்கென்று பைக்குள்ளேயே கூடை போல விரியும் ஒரு சாதனமும் வந்திருக்கிறது. அதற்கு இரட்டை மாத்திரை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆனால் பையின் அகலமும் உயரமும் அதன் அளவுகளுக்குப் பொருந்த வேண்டும்.

திறந்து செய்யும் அறுவையையும் மறக்கக் கூடாது. 1937இல் வால்ட்டர் டான்டி செய்து காட்டியது போல, மண்டையோட்டைத் திறந்து கழுத்தின் மேல் வெளியிலிருந்து கிளிப் போடுவது. நடுப் பெருமூளைத் தமனி பிரியும் முனையில் கழுத்து அகலமாகி, கிளைகளே பையின் அடியிலிருந்து கிளம்பும் நிலை அடிக்கடி வரும். அங்கே உள்ளிருந்து வேலை செய்வதை விட, கண்ணால் பார்த்துக் கிளிப்பை வளைத்துப் போடுவது பல நேரம் சுத்தமான தீர்வு. அந்தத் தமனி மூளையின் பக்கவாட்டுப் பிளவில், எட்டக்கூடிய இடத்தில் இருப்பது இன்னொரு வசதி. எல்லாவற்றையும் காயிலிலேயே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்குப் பிடிப்பதில்லை.

கழுத்து, வெடிக்கும் ஆபத்தைப் பற்றியும் ஒரு சின்னக் குறிப்புத் தருகிறது. பையின் உயரத்தைக் கழுத்தின் அகலத்தால் வகுத்து வரும் விகிதம் பெரிதானால், பை ஆழமாகவும் வாய் குறுகலாகவும் இருக்கிறது என்று பொருள். ஆழத்தில் ரத்தம் மந்தமாகச் சுழல்வது சுவரை நலிவடையச் செய்கிறது என்பது விளக்கம். 1.6க்கு மேல் இருந்தால் கவனம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இவற்றில் பல வெடித்த பையையும் வெடிக்காத பையையும் ஒப்பிட்டவை. வெடிக்கும்போது பையின் வடிவமே மாறியிருக்கலாம் அல்லவா? அதனால் இந்த விகிதத்தைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இதில் ஒரு விநோதம் இருப்பதைக் கவனித்தீர்களா? குறுகிய கழுத்தும் ஆழமான பையும் வெடிப்பதற்குச் சற்று அதிகம் வாய்ப்புள்ளது, மூடுவதற்கு எளிது. அகன்ற கழுத்தும் ஆழமில்லாத பையும் வெடிப்பதற்குச் சற்றுக் குறைவு, மூடுவதற்குக் கடினம். இரண்டு காரணங்களும் ஒரே திசையில் தள்ளுகின்றன. முதல் வகைக்குச் சிகிச்சையின் பக்கமும், இரண்டாவதற்குக் காத்திருப்பின் பக்கமும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மாதிரிக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். 52 வயதுப் பெண். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இதுவரை மூளையில் ரத்தக்கசிவு வந்ததில்லை. ஆஞ்சியோவில் கரோட்டிட் தமனியிலிருந்து பின் இணைப்புத் தமனி கிளம்பும் இடத்தில் பை. உயரம் 7.4 மி.மீ., அகலம் 6.2, கழுத்து 3.1. பின்பக்கமாக ஒரு குட்டிப்பை.

வெடிக்கும் ஆபத்தைக் கணக்கிட ‘ஃபேஸஸ்’ என்ற மதிப்பெண் முறை 2014இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 7 முதல் 9.9 மி.மீ. வரைக்கும் 3 புள்ளி. ரத்த அழுத்தத்துக்கு 1. பின் இணைப்புத் தமனி என்பதால் 4. வயது 70க்குக் கீழ் என்பதால் 0. மொத்தம் 8. அதற்கு ஐந்து ஆண்டில் வெடிக்கும் வாய்ப்பு 3.2 சதவீதம். மேலே சொன்ன 2003 ஆய்வின் அட்டவணையில் இதே அளவும் இடமும் உள்ள கட்டத்தில் 14.5 சதவீதம் என்று இருக்கிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? அந்தக் கட்டத்தில் பேசிலார் நுனியில் உள்ள ஆபத்தான பைகளும் சேர்த்தே எண்ணப்பட்டன. எனவே இந்த எண்களை யார் முந்தி, யார் பிந்தி என்று வரிசைப்படுத்தப் பயன்படுத்தலாம். ஒருவருக்கு ஜாதகம் கணிக்க முடியாது. ஃபேஸஸ் முறைக்கான தகவல்கள் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களிலிருந்து திரட்டப்பட்டவை என்பதும் நம் நினைவில் இருக்க வேண்டும். குட்டிப்பைக்கு அதில் புள்ளியே கிடையாது. அதை நாம்தான் மனதில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி எதிர்ப்பக்கம். அகலம் 6.2ஐக் கழுத்து 3.1ஆல் வகுத்தால் சரியாக 2. கழுத்து 4க்குக் குறைவு. காயில் உள்ளே நிற்கும். தேவைப்பட்டால் பலூன் துணை போதும். இரட்டை மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. உயரத்தை வகுத்தால் 2.4 வருகிறது, அதாவது ஆழமான பை. ஒரு விஷயத்தை மட்டும் கூடுதலாகப் பார்க்க வேண்டும்: பின் இணைப்புத் தமனி கழுத்தின் எந்த ஓரத்திலிருந்து கிளம்புகிறது? மூளையின் பின்பகுதிக்கு முழு ரத்தமும் அந்தக் கிளை வழியாகவே போகும் அமைப்பு சிலருக்கு உண்டு. அப்படி இருந்தால் காயில் அந்த வாயை மறைக்கவே கூடாது. அதற்காகத்தான் முதுகெலும்புத் தமனியிலும் சாயம் விட்டுப் பார்ப்பது. அங்கிருந்து பின்மூளைத் தமனி நன்றாக நிறைந்தால் கவலை குறையும்.

52 வயது என்றால் அவருக்கு முன்னால் இன்னும் முப்பது ஆண்டுகளாவது இருக்கலாம். வெடிக்கும் ஆபத்து ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். சிகிச்சையின் ஆபத்து ஒரே தடவையில், ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், வெடிக்காத அனியூரிசத்துக்கு உள்ளிருந்து செய்யும் சிகிச்சையில் சிக்கல் வருவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும், திறந்து செய்வதில் எட்டுப் பேருக்கும் என்ற அளவில் இருக்கிறது. எளிய கழுத்துக்கு இது குறையும். ஆகவே இந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை என்ற பக்கமே தட்டு இறங்கும்.

இப்போது எல்லாவற்றையும் அப்படியே வைத்துக் கழுத்தை மட்டும் 5.2 ஆக்குங்கள். ஃபேஸஸ் புள்ளி மாறாது. அதே 8, அதே 3.2 சதவீதம். ஆனால் அகலத்தை வகுத்தால் 1.2. வெறும் காயில் நிற்காது. ஸ்டென்டோ ஃப்ளோ டைவர்ட்டரோ கிளிப்போ வேண்டும். குட்டிப்பை இருப்பதாலும் வயது குறைவு என்பதாலும் இன்னமும் சிகிச்சையே நியாயம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் எந்தச் சிகிச்சை, யார் செய்வது, அந்த மையத்தில் அது எத்தனை செய்யப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் இப்போது முக்கியமாகிவிடுகிறது.

இன்னொரு கோடியைப் பாருங்கள். 74 வயதுப் பெரியவர். நடுப் பெருமூளைத் தமனி பிரியும் முனையில் 4.2 மி.மீ. பை, அகலம் 4, கழுத்து 3.8. வழவழப்பானது. ரத்த அழுத்தம் உண்டு. அளவுக்கு 0, இடத்துக்கு 2, வயதுக்கு 1, ரத்த அழுத்தத்துக்கு 1. மொத்தம் 4, ஐந்து ஆண்டில் 0.9 சதவீதம். அகலத்தைக் கழுத்தால் வகுத்தால் ஏறக்குறைய ஒன்றுதான் வருகிறது. உள்ளிருந்து மூடுவது வம்பு. திறந்து செய்ய 74 வயது. மகன் கேட்பார்: “அப்பா தலைக்குள்ள ஒன்ன வச்சுக்கிட்டு எப்படி டாக்டர் சும்மா இருக்கறது?” அதற்கு நேர்மையான பதில், “தம்பி, அது வெடிக்கிறதை விட நாங்க கை வச்சு கெடுக்கிற வாய்ப்பு இவருக்குப் பல மடங்கு அதிகம்” என்பதுதான்.

காத்திருப்பது என்றால்

கண்டுகொள்ளாமல் விடுவது அல்ல. புகை பிடிப்பவர் நிறுத்தியாக வேண்டும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். முதல் படம் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், பிறகு ஆண்டுக்கொரு முறையோ இரண்டு ஆண்டுக்கொரு முறையோ. இதற்கு மறுபடி குழாய் விட வேண்டியதில்லை. சாயம் இல்லாமலே எடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோ பெரும்பாலும் போதும். வளர்வது தெரிந்தால், அல்லது புதிதாகக் குட்டிப்பை முளைத்தால், அதுவரை போட்ட கணக்கு செல்லாது. வளரும் பை வளராததை விடப் பல மடங்கு வெடிக்கக்கூடியது.

இடையில் இரண்டு அறிகுறிகளுக்கு அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும், வாழ்நாளில் கண்டிராத தலைவலி ஒன்று. ஒரு பக்க இமை திடீரென்று தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா விரிந்து நிற்பது மற்றொன்று. பின் இணைப்புத் தமனியின் பை பெரிதாகிக் கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்தும்போது இப்படி ஆகும். அதன்பின் அளவு 4 மி.மீ.தான் என்று ஆறுதல் சொல்ல முடியாது, அன்றே மருத்துவமனை.

பின்தொடரும் படங்களை ஒப்பிடுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போன வருடம் 5.1, இந்த வருடம் 5.5 என்றால் அது வளர்ச்சியா? அளப்பவர் மாறினாலே, படத்தின் துண்டு தடிமன் மாறினாலே அவ்வளவு மாறும். அதனால் ஒரு மில்லிமீட்டராவது கூடினால்தான் வளர்ச்சி என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தோடு மட்டும் ஒப்பிட்டால், 0.4, 0.3, 0.4 என்று ஏறும் பை எந்த ரிப்போர்ட்டிலும் ‘மாற்றம் இல்லை’ என்றே வந்துகொண்டிருக்கும். முதன்முதலில் எடுத்த படத்தின் சி.டி.யைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் அதையும் கையோடு கொண்டுபோய், அதனோடும் ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.